பிழைக்கொப்பியில் ‘கவனயீனம்’ என்று எழுதக் கூடாது

பாஸ்ட் பேப்பர் செய்யும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தால் ஒரே காட்சிதான். வினாத்தாள் முழுதும் செய்திருக்கும். விடைப் புத்தகத்தைப் பார்த்துச் சிவப்புப் பேனையால் சரி, பிழை போட்டிருக்கும். பிழைத்த இடத்தில் சரியான விடை எழுதியிருக்கும். முதல் பக்கத்தில் 52 என்று போட்டு வட்டம் கீறியிருக்கும். அடுத்த பக்கத்தில் அடுத்த வருடத் தாள் தொடங்கிவிடும். பத்துத் தாள் முடிந்த பிறகும் புள்ளி 50க்கும் 55க்கும் இடையிலேயே நிற்கும். “இவ்வளவு செய்தும் ஏறுதில்லையே, என்ன மனே இது?” என்று வீட்டில் கேட்டால், “தெரிஞ்ச கணக்குத்தான் அம்மா, கவனயீனம்” என்று பதில் வரும்.

அந்த 52க்குள் என்ன இருக்கிறது, மீதி 48 எங்கே போனது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சாதாரண தரக் கணிதத்தின் இரண்டாம் தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றத் தாள்களுக்கும் இதைப் பொருத்தலாம். ஆனால் பிழை எங்கே நடந்தது என்று ஒரு வரியைச் சுட்டிக் காட்டக்கூடிய பாடம் கணிதம் என்பதால், முறையைப் பழக அதுவே வசதி.

முதலில் தாளின் கணக்கு. முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம்: பகுதி அ-வில் 25 சிறு வினாக்களுக்கு இரண்டிரண்டு புள்ளி, பகுதி ஆ-வில் 5 வினாக்களுக்குப் பத்துப் பத்துப் புள்ளி. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். அதற்கு மேல் வாசிப்பதற்கு 10 நிமிடம் தருவார்கள். இரண்டு பகுதிகளிலும் ஆறாறு வினா இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்தைத் தெரிந்து, மொத்தம் பத்து வினா செய்ய வேண்டும், வினாவுக்குப் பத்துப் புள்ளி. இரண்டு தாளுக்கும் தனித்தனியே 100, கூட்டி இரண்டால் வகுத்தால் இறுதிப் புள்ளி. இரண்டாம் தாளில் 180 நிமிடத்துக்குப் பத்து வினா என்றால் வினாவுக்கு 18 நிமிடம். திருப்பிப் பார்க்க 20 நிமிடம் ஒதுக்கினால் 16. இந்த 16 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தாள்களைச் சேர்க்கும்போது ஒரு சிறு சிக்கல் உண்டு. கொவிட் காலத்துக்குப் பிறகு பரீட்சைகள் பிந்திப் பிந்தி நடந்ததால் தாளின் வருடமும் நடந்த வருடமும் வேறாகிவிட்டன. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை நடந்தது 2022 மே மாதம். 2022க்குரியது 2023இல், 2023க்குரியது 2024 மே மாதம், 2024க்குரியது 2025 மார்ச்சில். போட்டோ கொப்பிக் கடையில் “2022 தாள்” என்று வாங்கியதும், இன்னொரு இடத்தில் “2023இல் நடந்த தாள்” என்று வாங்கியதும் ஒன்றாகவே இருக்கலாம். இரண்டாம் முறை செய்யும்போது 80 வருகிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மேல் உறையில் உரிய ஆண்டை எழுதி, அடைப்புக்குள் நடந்த ஆண்டையும் எழுதி வையுங்கள்.

இப்போதைய பாடத்திட்டத்தில், இதே அமைப்பில் வந்த தாள்கள் கையில் எண்ணக்கூடிய அளவுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தின்று தீர்க்கக் கூடாது. கடைசியாக வந்த மூன்றைத் தொடாமல், விடையைக்கூடப் பார்க்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்திய ஐந்து வாரத்துக்கு அவைதான் அளவுகோல். பழைய தாள்களை வினா வினாவாகப் பிரித்துப் பயிற்சிக்கு எடுக்கலாம். நேரம் வைத்து முழுத் தாள் பழக, பட்டிருப்பு, கல்குடா, சம்மாந்துறை, கல்முனை என்று வலயங்கள் வைக்கும் தவணைத் தாள்களும் மாகாணத் தாள்களும் உதவும். அவற்றின் கடினம் தாளுக்குத் தாள் மாறும். அதனால் அவற்றில் எடுத்த புள்ளியை ஒப்பிட வேண்டாம், பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 52.

களுவாஞ்சிகுடியில் ஒரு பிள்ளை இரண்டாம் தாளை முதன்முறையாக நேரம் வைத்துச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை, ஆனால் நடக்கும் விதம் இதுதான். ஒவ்வொரு வினாவையும் தொடங்கும்போது ஓரத்தில் மணியை எழுதச் சொல்லியிருக்கிறோம். 9.02, 9.21 என்று மட்டும், வேறொன்றும் வேண்டாம். திருத்திய பிறகு இழந்த 48 புள்ளியையும் நான்கு கூடையில் போடுகிறோம். நேரம் போதாமல் தொடாமலோ அரைகுறையாகவோ விட்டது 14. உண்மையிலேயே தெரியாதது 11. மீதி 23, தெரிந்தும் போனவை. அந்த 23ஐயும் கிளறினால்: கேத்திர கணித நிறுவலில் காரணம் எழுதாமல் போனது 6, மடக்கையில் 5, வினாவின் கடைசிப் பகுதியை வாசிக்காமல் போனது 5, சயக்குறி மாறியது 4, அலகும் மட்டந்தட்டலும் 3.

தெரியாத 11 பிழைக்கொப்பிக்குள் வரக் கூடாது. அது பாடப்புத்தகத்தின் வேலை. ஒரு தனி ஒற்றையில் அலகின் பெயரை எழுதி, சேரிடமோ ரீச்சரிடமோ கேட்டுப் படித்துவிட்டு வெட்டிவிட வேண்டியது. பிழைக்கொப்பி முழுக்கத் தெரியாதவற்றால் நிரம்பினால் அது இன்னொரு நோட்ஸ் கொப்பியாகி, இரண்டு வாரத்தில் மேசைக்கடியில் கிடக்கும்.

பிழைக்கொப்பியில் எழுத வேண்டியது அந்த 23. சீ.ஆர் கொப்பி ஒன்றை எடுத்து, விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து நிரல் கீறினால் போதும்: தாளும் வினா இலக்கமும், நான் எழுதிய வரி, எழுதியிருக்க வேண்டிய வரி, விலை, அடுத்தமுறை கை என்ன செய்யும்.

இரண்டாவது நிரல்தான் உயிர். அதில் “மடக்கை பிழை” என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்த வரியில் பிழைத்ததோ அந்த வரியை அப்படியே, பிழையோடு, பார்த்தெழுத வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். இந்தப் பிள்ளை 0.0753இன் கனமூலம் காண வேண்டியிருந்தது. lg 0.0753 = 2̄.8768 என்று அட்டவணையில் சரியாகவே எடுத்திருக்கிறது. அடுத்த வரியில் மூன்றால் வகுக்கும்போது 2.8768ஐ வகுத்து 0.9589 என்று எழுதி, முரண்மடக்கை பார்த்து 9.097 என்று முடித்திருக்கிறது. மேலே கோடு போட்ட 2 வேறு, தசமத்துக்குப் பின்னால் உள்ள பகுதி வேறு என்பது பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் சொல்லும். ஆனால் வகுக்கும் வேகத்தில் அந்தக் கோடு கண்ணில் படவில்லை.

எழுதியிருக்க வேண்டிய வரி இது:

2̄.8768 ÷ 3 = (3̄ + 1.8768) ÷ 3 = 1̄.6256

அதன் முரண்மடக்கை 0.4223. சிறப்பியல்பு 2̄ மூன்றால் மீதியின்றி வகுபடாது என்பதால் அதை 3̄ ஆக்கி, குறைத்த ஒன்றைத் தசமப் பக்கம் கூட்டுகிறோம்.

இனி ஐந்தாவது நிரல். இங்கேதான் பெரும்பாலானோர் “கவனமாகச் செய்ய வேண்டும்” என்று எழுதிவிட்டுப் போவார்கள். கவனம் என்பது கையால் செய்யக்கூடிய காரியமல்ல. இந்த நிரலில் எழுதுவது பேனை தாளில் படும் செயலாகவோ, கண் ஒரு குறித்த இடத்தைப் பார்க்கும் செயலாகவோ இருக்க வேண்டும். மடக்கைக்கு இரண்டு எழுதலாம். ஒன்று, மூலம் வந்தால் அடைப்புக்குறி போட்ட அந்த இடைவரியை மனதில் செய்யாமல் தாளில் எழுதுவது. இரண்டு, விடையை ஒருமுறை உரசிப் பார்ப்பது: 0க்கும் 1க்கும் இடையிலுள்ள எண்ணின் கனமூலம் அந்த எண்ணைவிடப் பெரிதாகவும் 1ஐவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். 9.097 அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். இப்படி உரசிப் பார்க்க ஐந்து செக்கன் போதும்.

நான்காவது நிரலான விலையைப் பலர் புள்ளியாக மட்டும் எழுதுவார்கள். நிமிடத்தையும் எழுத வேண்டும். ஏன் என்பதற்கு இதே தாளின் வரைபு வினாவைப் பார்ப்போம்.

y = 3 + 2x − x² என்ற சார்பு. x −2 இலிருந்து 4 வரை அட்டவணை தந்து, ஒரு பெறுமானத்தை மட்டும் காணச் சொல்லியிருக்கிறது. x = −2 ஆகும்போது பிள்ளை எழுதியது: 3 − 4 + 4 = 3. சரியானது 3 − 4 − 4 = −5. (−2)² என்பது 4, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் ஏற்கனவே நிற்கிறது. இரண்டு கழித்தலும் சேர்ந்து கூட்டலாகிவிட்டதாகக் கை நினைத்துவிட்டது. அட்டவணைக்கு ஒரு புள்ளிதான் போயிருக்கிறது. ஆனால் ஓரத்தில் எழுதிய மணியைப் பாருங்கள், இந்த வினாவுக்கு 27 நிமிடம் சென்றிருக்கிறது. என்ன நடந்தது? வரைபுத்தாளில் புள்ளிகளைக் குறித்த பிறகு (−2, 3) வளையிக்கு வெளியே நின்றது. இணைக்கப் போனால் வளையி ஒரு பக்கம் கோணியது. புள்ளியைப் பிழையாகக் குறித்தேனோ என்று அளவிடையைப் பார்த்து, அழித்து, மறுபடி குறித்து, அப்போதும் சரிவராமல், வேறு பெறுமானங்களைச் சந்தேகித்து அவற்றைத் திரும்பக் கணித்து, கடைசியில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு மற்ற ஆறையும் இணைத்திருக்கிறது. ஒரு புள்ளிப் பிழை பதினொரு நிமிடத்தைத் தின்றுவிட்டது.

நிறுவல் வினாவும் 26 நிமிடம். மற்ற ஆறு வினாவும் சராசரி 20 நிமிடப்படி 120. ஆக எட்டு வினாவுக்கு 173 நிமிடம். கடைசி இரண்டு வினாவுக்கும் சேர்த்து மீதி ஏழு நிமிடம். நேரம் போதாமல் போன 14 புள்ளியும் அங்கேதான் போனது. “எனக்கு ஸ்பீட் காணாது” என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு எழுதும் வேகத்தில் குறையில்லை. பிழை விட்டு, அதைத் தேடித் திரிவதில் நேரம் போகிறது. வேகமாக எழுதப் பழகச் சொன்னால் பிழை கூடும், தேடும் நேரமும் கூடும். விலை நிரலில் “1 புள்ளி, 11 நிமிடம்” என்று எழுதிய பிறகுதான் இந்தக் கழித்தல் குறி எவ்வளவு விலையானது என்று தெரியவருகிறது.

இதே வினாவில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. “சார்பு நேர்ப் பெறுமானத்துடன் அதிகரிக்கும் x இன் வீச்சை எழுதுக” என்ற மாதிரியான கடைசிப் பகுதி. பிள்ளை எழுதியது −1 < x < 3. சார்பு நேராக இருக்கும் வீச்சு அது. ஆனால் அதிகரிக்கவும் வேண்டும், உச்சி x = 1இல் இருக்கிறது. ஆகவே −1 < x < 1. பாதிக் கேள்விக்கு முழு விடை சொன்ன கதை. இந்த வகைப் பிழைக்கு வாசிப்பு நேரம் 10 நிமிடத்தை வேலைக்கு எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லா வினாவையும் ஆழ்ந்து தீர்த்துப் பார்க்கப் போகக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் எதை விடுவது, எதில் தொடங்குவது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு வினாவின் கடைசிப் பகுதியையும் தனியாக வாசித்து, அதில் எத்தனை நிபந்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். பேனை எடுக்கலாம் என்ற பிறகு, அந்த நிபந்தனைச் சொற்களுக்கு வினாத்தாளில் கோடு போடுங்கள். இங்கே கோடு இரண்டு: ‘நேர்’, ‘அதிகரிக்கும்’. விடை எழுதி முடிந்ததும் கோட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறுவலுக்கு ஒரு சின்ன வித்தை போதும். தெரியாமல் காரணத்தை விடும் பிள்ளைகள் குறைவு. படத்தைப் பார்த்ததும் விடை தெரிந்துவிடுகிறது, அதனால் கை அடுத்த கூற்றுக்கு ஓடுகிறது. ∠ABD = ∠ACD என்று எழுதியவுடனேயே, அந்த வரியின் வலப்பக்க முடிவில் ஒரு வெற்று அடைப்புக்குறியைப் போட்டுவிடுங்கள். அடைப்புக்குள் (ஒரே துண்டக் கோணங்கள்) என்று நிரப்பாமல் கீழ்வரிக்கு இறங்கக் கூடாது. அவசரத்தில் இறங்கினாலும் வெறும் அடைப்பு வாயைத் திறந்துகொண்டு நிற்கும், திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் படும். இந்த ஒரு பழக்கத்தால் முதல் மாதத்திலேயே திரும்பக் கிடைக்கும் புள்ளிகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். தெரிந்ததை எழுதாமல் இழந்தவை அல்லவா, மீட்க எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

அலகு, மட்டந்தட்டல் மூன்று புள்ளியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போடும் முன் வினாவின் கடைசி வரியை ஒருமுறை பார்த்தால் சரி.

கொப்பியை எப்படி நடத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பிழை இரண்டாம் தரம் வந்தால் புதிதாக எழுத வேண்டாம். பழைய பதிவைத் தேடி அதன் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். தேடுவதுதான் பயிற்சி, அந்தத் தேடலில் மற்றப் பிழைகளையும் கண் மேய்ந்துவிடும். மூன்று கோடு விழுந்த பிழை கொப்பியின் முன்பக்கத்துக்குப் போகும். முன்பக்கத்தில் ஆறு வரிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். ஏழாவது வர வேண்டுமென்றால், கடைசி இரண்டு தாளிலும் தலைகாட்டாத ஒன்றை வெட்டிவிட்டுத்தான் வரலாம். அடுத்த தாளைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்க வேண்டும். முழுக் கொப்பியையும் புரட்டினால் தலைக்குள் ஒன்றும் நிற்காது.

பிழைத்த வினாவை அன்றே சரியாகச் செய்து பார்ப்பது பெரிய சாட்சியல்ல. விடையை இப்போதுதான் பார்த்தோம், கை அதைப் பார்த்தெழுதுகிறது, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து வெற்று ஒற்றையில் அதே வினாவை 16 நிமிடம் வைத்துச் செய்யுங்கள், பிறகு இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை. அப்போதும் அதே வரியில் வழுக்கினால் ஐந்தாவது நிரலில் எழுதிய மருந்து பிழை என்று அர்த்தம். பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை, மருந்தை மாற்ற வேண்டும்.

நேரம் வைத்துச் செய்வதையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒற்றை வினா, 16 நிமிடம். அடுத்து ஒரு பகுதி மட்டும், ஐந்து வினாவுக்கு 90 நிமிடம். அதன் பிறகே முழுத் தாள், வாரத்துக்கு ஒன்று. வாரத்துக்கு மூன்று முழுத் தாள் செய்யும் பிள்ளைக்குத் திருத்தவும் பதியவும் நேரம் எங்கே? மூன்று மணித்தியாலத் தாளைத் திருத்திப் பிழைக்கொப்பியில் ஏற்ற ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். அதுவும் முடிந்தால்தான் ஒரு தாள் செய்ததாகக் கணக்கு.

18 நிமிடம் ஆனதும் வினாவை விட்டு எழும்பப் பழகுவதுதான் கடினம். இன்னும் இரண்டு வரிதான், முடித்துவிடலாம் என்று தோன்றும். பத்துப் புள்ளியில் கடைசி ஒரு புள்ளிக்காகச் செலவிடும் ஆறு நிமிடத்தில், இன்னும் தொடாத வினாவின் முதல் மூன்று புள்ளியை எடுத்துவிடலாம். அரைப் பக்கம் வெற்றாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், திரும்பி வர இடம் இருக்கும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது மண்டபத்தில் உள்ளபடியே செய்ய வேண்டும் என்பார்கள். அதில் இரண்டு விஷயந்தான் உண்மையில் முக்கியம். கல்குலேட்டர் அனுமதியில்லாத பரீட்சை என்பதால் போனில் தட்டிப் பார்க்கும் பழக்கம் அறவே வேண்டாம், மடக்கை அட்டவணையில் விரல் ஓடிப் பழக வேண்டும். வரைபைச் சதுரக் கொப்பியில் கீறாமல் உண்மையான வரைபுத்தாளில் கீற வேண்டும், அளவிடை எடுக்கும் பழக்கம் அதில்தான் வரும். மற்றபடி கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியான வெக்கையில் ஒற்றை பறக்கப் பறக்க மூன்று மணித்தியாலம் இருந்து பழகியவர்களுக்கு மண்டபம் பெரிய சோதனையாக இராது. கவராயத்தின் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்பு வினாவில் ஆரை தானாக விரிந்து, இருகூறாக்கி புள்ளிக்குப் பக்கத்தால் போவது பிள்ளையின் பிழையாகக் கொப்பியில் ஏறிவிடும். ஆனால் குற்றவாளி அந்தத் திருகாணி.

திருத்துவதற்குக் கூட்டாளி ஒருவரைப் பிடியுங்கள். சொந்தத் தாளைத் திருத்தும்போது, “இது எனக்குத் தெரியும், எழுத மறந்துவிட்டேன்” என்று அரைப் புள்ளி, ஒரு புள்ளி கொடுத்துவிடுவோம். புள்ளித் திட்டத்தில் படிக்குப் படி புள்ளி உண்டு, அந்தப் படி தாளில் இருக்க வேண்டும். தலைக்குள் இருந்ததற்குப் புள்ளியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

நாலாவது வாரம் நம் உதாரணப் பிள்ளை இன்னொரு இரண்டாம் தாளைச் செய்து 67 எடுக்கிறது என்று வைப்போம். இழந்த 33இல் தெரியாதது 12, அது தாளுக்குத் தாள் மாறும். நேரத்தால் 8, காரணம் 2, மடக்கை 2, கடைசிப் பகுதி 3, அலகு 2. சயக்குறி? அதே 4. மற்றதெல்லாம் குறைந்தும் இது அசையவில்லை. கொப்பியைத் திறந்து அந்தப் பதிவின் ஐந்தாவது நிரலைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. அங்கே “− வந்தால் இரண்டுதரம் பார்க்க” என்று எழுதியிருக்கிறது. ‘கவனம்’ என்பதையே வேறு சொல்லில் எழுதிவிட்டது. இரண்டுதரம் பார்த்தாலும் அதே கண், அதே வரி, அதே தவறான கூட்டல்.

அதை வெட்டிவிட்டு இப்படி எழுதலாம்: பிரதியிடும்போது எண்ணைப் போடும் முன் வெற்று அடைப்புக்குறியைப் போடு. 3 + 2(  ) − (  )² என்று முதலில் எழுதி, பிறகு உள்ளே −2ஐ வை. வர்க்கத்தைத் தனி வரியில், (−2)² = 4 என்று முடித்துவிட்டு, அதன் பிறகே முன்னாலுள்ள கழித்தலைத் தொடு. வரைபு வினாவென்றால், குறிக்கும் முன் சமச்சீரைப் பார்: உச்சி x = 1இல் என்றால், x = −2க்கும் x = 4க்கும் ஒரே பெறுமானம் வர வேண்டும். அட்டவணையில் 4க்கு நேரே −5 ஏற்கனவே அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். தான் கண்ட 3ஐ அதோடு ஒப்பிட்டிருந்தால் பென்சிலைக் கையில் எடுக்கும் முன்னரே பிழை தெரிந்திருக்கும், அந்தப் பதினொரு நிமிடமும் மிஞ்சியிருக்கும்.

இந்தப் பதிவுக்கு இப்போது ஓரத்தில் நாலு கோடு. முன்பக்கத்தில் முதல் வரி இதுதான். அடுத்த மூன்று நாளும், பழைய தாள்களிலிருந்து வரைபு வினாவின் அட்டவணைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நாளுக்கு ஐந்து செய்தால் போதும். முழு வினாவும் வேண்டாம், வரையவும் வேண்டாம், அடைப்புக்குறியும் பிரதியீடும் சமச்சீரும் மட்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். எடுத்து வைத்த மூன்று தாளில் முதலாவதை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.